காய்கறி விநியோக நிறுவனங்களின் மதிப்பீட்டு அட்டை: 2025 ஜனவரி முதல் ஜூன் வரை

கொள்முதல் பிரிவு, மையச் சமையற்கூடம், உட்லண்ட்ஸ்

சிராங்கூன் சாலையிலுள்ள நம் மூன்று உணவகங்களுக்கும் காய்கறி வழங்கும் மூன்று நிறுவனங்களை ஒரே அளவுகோலால் தரவரிசைப்படுத்துவதற்காக, நிர்வாகக் குழுவின் முடிவுக்கு இந்த அட்டை முன்வைக்கப்படுகிறது. நிறுவனங்களின் பெயர்கள் மதிப்பெண் கணக்கிட்டவர்களுக்குத் தெரியாதிருக்க அ, ஆ, இ எனக் குறிக்கப்பட்டுள்ளன. உரிமம் மதிப்பெண்ணுக்குரியதன்று, நேரடியாக இறக்குமதி செய்யும் நிறுவனத்திடம் சிங்கப்பூர் உணவு அமைப்பின் செல்லுபடியாகும் உரிமம் இல்லையெனில் அது மதிப்பீட்டிலேயே இடம்பெறாது.

விலை: 40 விழுக்காடு. நாம் வாரந்தோறும் வாங்கும் 22 பொருள்களை வழக்கமான அளவில் ஒரு தொகுப்பாகக் கொண்டு, அதன் சராசரி விலை விலைப்பட்டியல்களிலிருந்து அல்லாமல் ஆறு மாத விற்பனைச் சீட்டுகளிலிருந்து கணக்கிடப்பட்டது. சொன்ன விலையும் வாங்கிய விலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மிகக் குறைந்த தொகையை அந்தந்த நிறுவனத்தின் தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் மதிப்பெண் கிடைக்கும். ‘ஆ’ நிறுவனம் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாதது என்பதாலும், மற்றவற்றுக்கு நாம் செலுத்தும் 9 விழுக்காட்டு வரியைத் திரும்பப் பெற முடியும் என்பதாலும், எல்லா விலைகளும் வரி நீங்கலாகவே ஒப்பிடப்பட்டுள்ளன.

விநியோகம்: 25 விழுக்காடு. காலை 5 மணிக்கும் 5.30க்கும் இடையில், கேட்ட எடையில் குறைந்தது 98 விழுக்காடு வந்து சேர்ந்தால் மட்டுமே அது சரியான விநியோகம். முந்தைய நாள் மாலை 6 மணிக்குப் பிறகு நாமே மாற்றிய ஆர்டர்களும், சீனப் புத்தாண்டையொட்டி முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட விடுப்பு நாள்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. கடற்பாலத்தில் ஏற்பட்ட நெரிசல் நீக்கப்படவில்லை. அது எதிர்பார்க்கத்தக்கது என்பதாலும், ஒரு நாளைக்கான இருப்பை இங்கேயே வைத்துக்கொள்வது விநியோக நிறுவனத்தின் பொறுப்பு என்பதாலும், அதைக் காரணமாக ஏற்கவில்லை.

தரம்: 35 விழுக்காடு. சரக்கு வந்திறங்கும்போதே பொருள்காப்பாளர் எடைபோட்டுத் திருப்பியனுப்பிய அளவே அடிப்படை. நிராகரிப்பு 1 விழுக்காட்டுக்குக் குறைவெனில் 100, 1 முதல் 2க்குள் 85, 2க்கு மேல் 4 வரை 70, அதற்கும் மேல் 50 மதிப்பெண். நிராகரித்த சரக்குக்குப் பணம் கழிக்கப்பட்டாலும், அன்றைய சாம்பாருக்குத் தக்காளியைத் தேக்கா சந்தையில் சில்லறை விலைக்கு வாங்கிவரும் செலவு எந்த விற்பனைச் சீட்டிலும் தெரிவதில்லை; தரத்துக்கு இவ்வளவு எடை கொடுத்ததற்கு அதுவே காரணம்.

| | அ | ஆ | இ |
|---|---|---|---|
| வாரத் தொகுப்பு (வெள்ளி) | 2,340 | 2,496 | 2,600 |
| விலை மதிப்பெண் | 100 | 93.75 | 90 |
| சரியான விநியோகம் (150இல்) | 120 | 141 | 138 |
| விநியோக மதிப்பெண் | 80 | 94 | 92 |
| நிராகரிப்பு (விழுக்காடு) | 4.6 | 1.8 | 0.7 |
| தர மதிப்பெண் | 50 | 85 | 100 |
| எடையிட்ட மொத்தம் | 77.5 | 90.75 | 94 |
| இடம் | 3 | 2 | 1 |

மொத்தத்தில் 2 புள்ளிக்குக் குறைவான வேறுபாடு சமநிலையாகவே கொள்ளப்படும் என்று முன்பே வகுத்திருந்தோம். முதலிரண்டு இடங்களுக்கு இடையே 3.25 புள்ளி இருப்பதால் அந்த விதிக்கு இங்கு வேலையில்லை.

இந்த அட்டையைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலைக்கு 40 விழுக்காடு கொடுத்திருந்தும், விலை மதிப்பெண்கள் 90க்கும் 100க்கும் இடையிலேயே அடங்கிவிடுவதால் அது மொத்தத்தில் உண்டாக்கும் வேறுபாடு அதிகபட்சம் 4 புள்ளி, தரமோ 17.5 புள்ளி வரை வேறுபடுத்துகிறது. ஆகவே எடைகளை மாற்றிப் பார்த்தோம். விலைக்கு 60, விநியோகத்துக்கு 15, தரத்துக்கு 25 எனக் கொண்டாலும் ‘இ’ 92.8 பெற்று முதலிடத்திலேயே உள்ளது. ஆனால் ‘ஆ’ 91.6 பெறுவதால் நம் விதிப்படி இரண்டும் சமநிலையாகின்றன. விலைக்கு 70, மற்ற இரண்டுக்கும் தலா 15 என்றால்தான் ‘ஆ’ 92.48 புள்ளியுடன், 91.8 பெறும் ‘இ’யை முந்துகிறது, அதுவும் சமநிலை எல்லைக்குள். எந்தக் கணக்கிலும் ‘அ’ மூன்றாம் இடத்தைவிட்டு நகரவில்லை.

எனினும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்பி ‘அ’வை நீக்குவது சரியாகாது. அதன் நிராகரிப்பு பெரும்பாலும் தக்காளி, கறிவேப்பிலை, கீரை ஆகியவற்றில் ஏற்பட்டது. வெங்காயத்திலும் உருளைக்கிழங்கிலும் அது 1 விழுக்காட்டையும் தொடவில்லை, விலையும் மற்ற இருவரைவிடக் குறைவு. ஆகஸ்ட் 1 முதல் அவ்விரண்டையும் ‘அ’விடமும், எஞ்சியவற்றில் மூன்றில் இரண்டு பங்கை ‘இ’யிடமும், ஒரு பங்கை ‘ஆ’விடமும் வாங்கப் பரிந்துரைக்கிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்க முடியாது என்பதும் இந்தப் பங்கீட்டுக்கு ஒரு காரணம்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் மதிப்பெண் மட்டும் அனுப்பப்படும். கையொப்பமிட்ட விநியோகச் சீட்டுடன் 14 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவித்தால், அந்த விநியோகம் மட்டும் மறுபடி கணக்கிடப்படும்.