வருகைதரு விரிவுரையாளர் பணியிலிருந்து விலகலும் தேர்வுப் பணிகள் ஒப்படைப்பும்

03.03.2025

பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள்
வழி: புள்ளியியல் துறைத்தலைவர் அவர்கள்
நகல்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மூன்று பருவங்களாக நம் கல்லூரியில் வருகைதரு விரிவுரையாளராகப் புள்ளியியல் பாடம் எடுத்து வருகிறேன். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அம்மாவை உடனிருந்து கவனிக்க வேண்டியிருப்பதால், 28.03.2025 மாலையுடன் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நியமன ஆணைப்படி 15 நாள் முன்னறிவிப்பு போதும். ஆனால் பருவத்தின் நடுவில் போகிறேன், கையில் விடைத்தாள்கள் இருக்கின்றன என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். பாடத்தில் கடைசி அலகு மட்டுமே பாக்கி. அதை 26ஆம் தேதிக்குள் முடித்துவிடுவேன்.

இரண்டாம் அகமதிப்பீட்டுத் தேர்வை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 58 பேர் எழுதினார்கள். 41 தாள்கள் திருத்தியாயிற்று. மீதி 17 தாள்களை வேறொருவரிடம் தர எனக்கு மனமில்லை. ஒரே வகுப்பின் தாள்களை இருவர் பாதிப்பாதியாகத் திருத்தினால், ஒருவர் தாராளமாகவும் ஒருவர் கறாராகவும் மதிப்பெண் போட்டுவிடக்கூடும். 7ஆம் தேதிக்குள் நானே முடித்து, மாணவர்களிடம் காட்டிக் கையொப்பம் வாங்கி, மதிப்பெண் பட்டியலுடன் கட்டைத் துறையில் ஒப்படைக்கிறேன்.

அந்தத் தாளில் 12ஆம் கேள்வி பற்றி ஒரு விளக்கம் தர வேண்டும். 4, 7, 8, 9, 12 ஆகிய எண்களின் திட்ட விலக்கம் கேட்டிருந்தேன். இவை முழுமைத் தொகுதியா, அதிலிருந்து எடுத்த மாதிரியா என்று கேள்வியில் சொல்லாமல் விட்டது என் தவறு. விலக்க வர்க்கங்களின் கூடுதல் 34. முழுமைத் தொகுதி என்று கொண்டு அதை 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தவர்களுக்கு விடை 2.61, மாதிரி என்று கொண்டு 4ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தவர்களுக்கு 2.92. இரண்டுமே சரி, இரண்டுக்கும் முழு மதிப்பெண். இதைக் கவனிப்பதற்கு முன் திருத்திய 11 தாள்களைத் திரும்ப எடுத்து மாற்றியிருக்கிறேன். அடித்து எழுதிய இடங்களில் எல்லாம் என் சுருக்கொப்பம் இருக்கும். பின்னர் யாராவது சரிபார்க்கும்போது சந்தேகம் வரக்கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன். விடைக்குறிப்பிலும் இதைச் சேர்த்துவிட்டேன்.

தேர்வுக்கு வராத மூவரில் இருவர் மருத்துவச் சான்றும், போட்டிக்குச் சென்றிருந்த ஒருவர் விளையாட்டுத் துறையின் அனுமதிக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். மூவருக்கும் மறுதேர்வு வைக்கத் துறைத்தலைவர் ஒப்புக்கொண்டார். 14ஆம் தேதி வேறு வினாத்தாளுடன் நானே நடத்தித் திருத்திக் கொடுத்துவிடுகிறேன். நான் போய்விட்டேன் என்ற காரணத்தால் அவர்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் விழுந்துவிடக்கூடாது.

ஏப்ரல் பருவத் தேர்வுக்குக் கேட்ட இரண்டு வினாத்தாள்களில் முதலாவதை 21.02.2025 அன்று முத்திரையிட்ட உறையில் கொடுத்துவிட்டேன். இரண்டாவதையும் விடைக்குறிப்பையும் 10ஆம் தேதி தேர்வுப் பிரிவில் நேரில் தருகிறேன். மின்னஞ்சலில் அனுப்ப மாட்டேன். கொடுத்த அன்றே என் கணினியில் உள்ள பிரதியையும் கையெழுத்து வரைவையும் அழித்துவிடுவேன். அதற்கு எழுத்துப்பூர்வமாக உறுதி தரவும் தயார்.

இனி மற்றவர்கள் ஏற்க வேண்டியவை. ஏப்ரல் விடைத்தாள் திருத்தும் பணிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. என்னால் வர இயலாது. இப்போதே மாற்று ஆள் போட்டுவிட்டால் கடைசி நேர அலைச்சல் இருக்காது. என் வழிகாட்டலில் உள்ள மூன்று ஆய்வேட்டுக் குழுக்களில் இரண்டின் முதல் வரைவைப் படித்துத் திருத்தம் சொல்லிவிட்டேன். மூன்றாவது குழு இன்னும் தரவு சேகரிப்பை முடிக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், ஆனால் வாரம் ஒரு முறையாவது யாராவது கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு முன் அவர்களுக்கு ஒரு வழிகாட்டியை ஒதுக்குமாறு துறைத்தலைவரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று குழுக்களைப் பற்றிய குறிப்பேட்டையும் துறையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

மதிப்பெண் பதிவு முடிந்ததும், 28ஆம் தேதி மாலை என் பயனர் கணக்கை முடக்கிவிடுங்கள். அதன்பின் என் பெயரில் எந்த மதிப்பெண்ணும் பதிவாகக்கூடாது. ஒப்படைக்கும் ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகை வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாத மதிப்பூதியமும் அனுபவச் சான்றிதழும் விதிப்படி கிடைக்க ஆவன செய்யுங்கள்.

விடைக்குறிப்பில் சந்தேகம் வந்தால் ஏப்ரல் முடியும்வரை தொலைபேசியில் கூப்பிடலாம். இரவு 8 மணிக்கு மேல் நிச்சயம் எடுப்பேன்.

முதல் நாள் பயந்துகொண்டே வகுப்புக்குள் போன எனக்குத் துறையில் எல்லோரும் துணையாக இருந்தீர்கள். மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
கயல்விழி
வருகைதரு விரிவுரையாளர், புள்ளியியல் துறை

இணைப்பு: நிலுவைப் பணிப் பட்டியல், திருத்திய விடைக்குறிப்பு