கலைந்த வாக்கியங்கள்: உன் பயிற்சித்தாளுக்கு என் பதில்

கண்ணு, நீ அனுப்பிய படம் கிடைத்தது. உன் கை நிழல் கீழ்ப்பாதியில் விழுந்திருந்தாலும் பெரிதாக்கிப் பார்த்ததில், வரிசைப்படுத்திப் பத்தியாக எழுதச் சொல்லி அ முதல் எ வரை எழுத்திட்டுக் கலைத்துக் கொடுத்திருந்த தூக்கணாங்குருவி பற்றிய ஏழு வாக்கியங்களும் தெரிந்தன. எ-வின் முதல் சொல் மட்டும் தாள் மடிப்பில் மறைந்துவிட்டது. 'முடிந்த' என்று எடுத்துக்கொண்டேன், நீ தாளைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்.

சரியான வரிசை: ஆ, ஈ, ஊ, உ, அ, இ, எ.

பத்தியாக எழுதினால் இப்படி வரும்:

ஆண் தூக்கணாங்குருவிதான் கூடு கட்டும். முதலில் அது புல்லையும் ஓலையையும் நீளமான நாராகக் கிழித்து எடுத்து வரும். அந்த நாரை மரக்கிளையில் முடிச்சிட்டு, தலைக்கவசம் போன்ற வடிவில் பின்னும். கூடு பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்க்கும். அது பிடித்துப்போனால் மட்டுமே அங்கே தங்கச் சம்மதிக்கும். அதன் பிறகே ஆண் குருவி நீண்ட குழாய் போன்ற வாசலைப் பின்னி வேலையை முடிக்கும். முடிந்த கூட்டில் பெண் குருவி முட்டையிட்டு அடைகாக்கும்.

நீ ஊ-வைக் கடைசியில் வைத்து, பக்கத்தில் பென்சிலால் 'நாரை எப்படி வந்தது?' என்று எழுதியிருந்தாயே, அது நல்ல கேள்வி. குளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை என்று நினைத்துவிட்டாய், இல்லையா? இங்கே அது நார் + ஐ. பறவையைச் சொல்ல வேண்டுமென்றால் 'அந்த நாரையை முடிச்சிட்டு' என்று வந்திருக்கும், பாவம் அந்தப் பறவை! அப்புறம் 'அந்த' என்ற சொல்லைக் கவனி. முன்பே சொன்ன ஒன்றைத்தான் 'அந்த' என்று சுட்ட முடியும். நார் முதன்முதலில் வருவது ஈ-யில். அதனால் ஊ அதை ஒட்டியே வர வேண்டும்.

'அது' இரண்டு இடத்தில் வருகிறது. ஈ-யில் அது ஆண் குருவி, அ-வில் அது கூடு. எதைச் சுட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் முந்தின வாக்கியத்தில் தேடு. பெண் குருவி வந்து பார்க்காமல் பிடிக்குமா பிடிக்காதா என்ற பேச்சே வராது, எனவே உ-வுக்குப் பிறகுதான் அ. இதை நீயே சரியாகப் போட்டிருந்தாய். இ-யின் 'அதன் பிறகே'வுக்கும் அப்படித்தான். அதை உ-வுக்கு முன்னால் வைத்தால், வேலை முடிந்த கூடு மறுபடி பாதிக் கூடாகிவிடும்.

நோட்டில் எழுதும்போது அ, ஆ எழுத்துகளைப் போடாதே. வரிக்கு ஒரு வாக்கியமாகவும் எழுதாதே, கேட்டிருப்பது பத்தி. முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கி, ஏழையும் தொடர்ந்து எழுது. 'அடைகாக்கும்' ஒரே சொல், பிரிக்காதே.

தாளில் இல்லாத ஒன்று: பாதிக் கூட்டின் உட்புறத்தில் ஆண் குருவி ஈரக் களிமண்ணையும் ஒட்டி வைக்கும். எழுதி முடித்ததும் இன்னொரு படம் அனுப்பு, இந்த முறை கையைச் சற்றுத் தள்ளி வைத்து எடு.

சித்தி