பணியேற்கும் திகதியை 2026 ஏப்ரல் 06க்கு மாற்றித் தருமாறு கோரல்

பிரதான வீதி,
பாண்டிருப்பு,
கல்முனை.
05.03.2026

மனிதவள முகாமையாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்,
திருமலை வீதி,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

கணக்கு உத்தியோகத்தர் பதவி: 27.02.2026 திகதிய நியமனக் கடிதம்

மேற்படி பதவிக்கு என்னைத் தெரிவு செய்தமைக்காக முதலில் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். நியமனத்தை நான் முழு விருப்பத்துடன் ஏற்றுக்கொள்கிறேன்; ஒப்பமிட்ட ஏற்புப் பிரதியை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். எனினும், கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ள மார்ச் 16ஆம் திகதி பணியேற்க என்னால் இயலாதிருப்பதால், அத்திகதியை ஏப்ரல் 06ஆம் திகதி திங்கட்கிழமைக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் தற்போது சம்மாந்துறையிலுள்ள நெல் ஆலையொன்றில் உதவிக் கணக்காளராகப் பணியாற்றி வருகிறேன். பதவி விலகுவதாயின் ஒரு மாத எழுத்துமூல அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது எனது சேவை ஒப்பந்தத்தின் நிபந்தனை. நேர்முகத் தேர்வின்போதும் இதனைத் தெரிவித்திருந்தேன். எழுத்துமூல நியமனம் கைக்குக் கிடைத்த பின்னரே விலகல் கடிதம் கொடுப்பது முறை என்பதால், தங்கள் கடிதம் கிடைத்து, வீட்டாருடன் கலந்து பேசி, நேற்று மார்ச் 04ஆம் திகதி அதனைச் சமர்ப்பித்தேன். அதன்படி அறிவித்தல் காலம் ஏப்ரல் 03ஆம் திகதியுடன் நிறைவடைகிறது. அன்று பெரிய வெள்ளி விடுமுறை. அடுத்த இரு நாட்களும் வார இறுதி. ஆகவே திங்கட்கிழமையே நான் தங்களிடம் வரக்கூடிய முதலாவது வேலை நாள்.

ஒரு மாதச் சம்பளத்தைச் செலுத்திவிட்டு முன்கூட்டியே விலகுவதற்கும் ஒப்பந்தம் இடமளிக்கிறது. அவ்வழியை நான் தெரிவு செய்யாததற்குப் பணம் காரணமல்ல. பெரும்போக அறுவடை முடிந்து நெல் ஆலைக்கு வந்துகொண்டிருக்கும் காலம் இது. விதைப்புக் காலத்தில் முற்பணம் பெற்ற விவசாயிகள் இப்போது நெல்லைக் கொண்டுவந்து நிறுக்கும்போது, முற்பணத்தைக் கழித்து மீதியைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பேரேடு என் பொறுப்பில் உள்ளது. அடுத்த போகத்துக்கு உழவுக் கூலியும் உரமும் இந்த மீதிப் பணத்தை நம்பியே இருக்கின்றன. கணக்கு நடுவில் கைமாறித் தவறு நேர்ந்தால் அதன் சுமை அவர்கள் மேல்தான் விழும். இத்துடன், மார்ச் மூன்றாம் வாரத்தில் நோன்புப் பெருநாளுக்காகச் சக ஊழியர்கள் பலர் விடுமுறையில் செல்லவிருப்பதும், மார்ச் 31ஆம் திகதி நிதியாண்டு முடிவுக்கான இருப்புக் கணக்கெடுப்பு நடைபெறவிருப்பதும் என்னை முன்னதாக விடுவிக்க இயலாதமைக்கான காரணங்கள் என எமது முகாமையாளர் தெரிவித்தார். எஞ்சியுள்ள வருடாந்த லீவை அறிவித்தல் காலத்தில் கழிக்க முடியுமா என்றும் கேட்டேன். அறுவடைக் காலத்தில் அது இயலாதென்றார். அவரது நிலையில் நானும் அவ்வாறே கூறியிருப்பேன்.

பொறுப்புகளை ஒப்படைத்த பின்னரே சேவைச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் வழங்கப்படும். தங்கள் நியமனக் கடிதம் இவ்விரண்டையும் பணியேற்கும் நாளில் கோருவதால், ஏப்ரல் 06ஆம் திகதி அவற்றைக் குறைவின்றிச் சமர்ப்பிக்க இயலும்.

சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டுத் தங்கள் கிளைகளில் விற்பனை பெருகும் என்பதையும், அதற்கு முன்னர் இவ்வெற்றிடத்தை நிரப்ப விரும்புகிறீர்கள் என்பதையும் நான் உணர்கிறேன். கோரும் திகதியில் பணியேற்றால் புத்தாண்டுக்கு முந்திய முழு வாரமும் நான் பணியில் இருப்பேன். அதுவரை காத்திராமல், சனிக்கிழமையொன்றில் மட்டக்களப்புக்கு நேரில் வந்து, கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகள், அடையாள அட்டைப் பிரதி, ஊழியர் சேமலாப நிதி உறுப்பினர் விபரம், வங்கிக் கணக்கு விபரம் ஆகியவற்றை ஒப்படைக்கத் தயாராக உள்ளேன். தங்கள் கணக்கு நடைமுறைக் கையேட்டை முன்கூட்டியே வாசிக்கத் தந்தால் நன்றியுடையவளாவேன். ஏப்ரல் 03ஆம் திகதி வரை நான் இன்னொரு நிறுவனத்தின் ஊழியர் என்பதால், அதற்கு முன் தங்கள் கணக்கு வேலை எதனையும் செய்வது இரு தரப்புக்கும் பொருத்தமாகாது என்பதையும் தெளிவாகக் கூற விரும்புகிறேன்.

இக்கோரிக்கை ஏற்கப்படுமாயின், ஆறு மாதத் தகுதிகாண் காலமும் சம்பளக் கணிப்பும் புதிய திகதியிலிருந்து ஆரம்பிக்கும் வகையில் திருத்திய நியமனக் கடிதமொன்றை வழங்குமாறு வேண்டுகிறேன். மார்ச் 16ஆம் திகதியை எவ்வகையிலும் மாற்ற முடியாத நிலை இருப்பின், அதனையும் தயங்காமல் அறியத் தாருங்கள். முகாமையாளருடன் மீண்டும் பேசி, சில நாட்களாவது குறைத்துக்கொள்ள வழியுண்டா என முயன்று பார்ப்பேன். எனது ஒப்படைப்பு ஒழுங்குகளைத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், மார்ச் 11ஆம் திகதிக்கு முன்னர் தங்கள் பதில் கிடைக்குமாயின் பேருதவியாக இருக்கும். விண்ணப்பத்தில் தந்துள்ள தொலைபேசி இலக்கத்தில் மாலை ஐந்து மணிக்குப் பின்னர் என்னுடன் பேசலாம்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
க. தர்ஷினி

இணைப்பு: ஒப்பமிட்ட ஏற்புப் பிரதி, 04.03.2026 திகதிய பதவி விலகல் கடிதத்தின் பிரதி