பொருள்: ஸ்டேஜிங் சர்வரில் எஸ்எஸ்ஹெச்சுக்கு ஒரு நிலையான ஐபி, 203.0.113.47

ஐடி குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் ஆர்டர் அப்ளிகேஷனின் டேட்டாபேஸை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் வேலையைச் செய்துவரும் கதிர் எழுதுகிறேன். ஸ்டேஜிங் சர்வரின் 22ஆம் போர்ட்டுக்கு மேலே உள்ள ஐபியை மட்டும் அனுமதிக்க வேண்டுகிறேன். புரொடக்‌ஷன் சர்வருக்கு எனக்கு அனுமதி வேண்டாம்.

இப்போது என் வீட்டு பிராட்பேண்ட் ஐபி மாறும்போதெல்லாம் உங்களிடம் சொல்லி, நீங்கள் புதியதைச் சேர்க்கிறீர்கள். ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆனாலே ஐபி மாறிவிடுகிறது. டேட்டா ஏற்றிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் அந்த டேபிளை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

வேலை தடைப்படுவதை விட எனக்குக் கவலை தருவது பாதுகாப்புதான். என் பழைய ஐபிகள் நீக்கப்படாமல் இருந்தால், இன்று அவை வேறு யாரோ ஒரு வாடிக்கையாளர் கையில் இருக்கும். உங்கள் ஃபயர்வால் அவருக்கும் வழிவிடும். தவிர, என் இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. ஆக, என் வீட்டு ஐபியை அனுமதிப்பது என்னை மட்டும் அனுமதிப்பதாகாது.

கேட்டிருக்கும் ஐபி, நான் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் விபிஎஸ்ஸுடையது. அதில் வேறு யாருக்கும் கணக்கு இல்லை, பாஸ்வேர்ட் லாகினும் கிடையாது. அதை இடைவழியாக மட்டுமே பயன்படுத்துவேன் (`ssh -J`). உங்கள் சர்வருக்கான பிரைவேட் கீ பாஸ்ஃப்ரேஸுடன் என் லேப்டாப்பிலேயே இருக்கும், விபிஎஸ்ஸில் வைக்க மாட்டேன்.

சர்வரில் யுஎஃப்டபிள்யூ இருப்பதால் இந்த ஒரு வரி போதும்:

```
sudo ufw allow proto tcp from 203.0.113.47 to any port 22
```

நான் உள்ளே வந்துவிட்டேன் என்று உறுதி செய்த பிறகு, என் பழைய ஐபிகள் எல்லாவற்றையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். `sudo ufw status numbered` கொடுத்தால் வரிசை எண்கள் தெரியும். ஒன்றை நீக்கினால் அதற்குக் கீழுள்ள எண்கள் மாறிவிடும் என்பதால் கடைசியிலிருந்து மேல்நோக்கி நீக்குவது நல்லது.

அவசரத்துக்குக்கூட 22ஆம் போர்ட்டை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டாம். திறந்த சிறிது நேரத்திலேயே தானியங்கி பாஸ்வேர்ட் முயற்சிகள் லாகில் குவியத் தொடங்கிவிடும். என் விபிஎஸ் நின்றுபோனால் அது சரியாகும்வரை நான் காத்திருக்கிறேன்.

என் ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிகிறது. அன்றே இந்த விதியையும் என் பப்ளிக் கீயையும் எடுத்துவிடலாம்; நானும் அன்று நினைவூட்டி மெயில் அனுப்புகிறேன்.

வெள்ளி இரவு முழு ஒத்திகை இருப்பதால் வியாழன் மாலைக்குள் முடித்துத் தந்தால் பேருதவியாக இருக்கும். சேர்த்ததும் ஒரு வரி அனுப்புங்கள், உடனே சோதித்துச் சொல்கிறேன். இதற்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டுமென்றால் இந்த மெயிலை அப்படியே அவருக்கு அனுப்பலாம்.

நன்றி,
கதிர்