கொப்பரை அடுப்பு வேலைக்கு விண்ணப்பம்

அனுப்புநர்: திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவும் தாண்டி கிழக்கால இருக்கற பாறைக் குகைல குடியிருக்கற டிராகன் (உங்க ஊர்ப் பொடுசுக நெருப்புப்பல்லின்னு கூப்பிடுதே, அது நாந்தானுங்க)

பெறுநர்: கவுந்தப்பாடிக்கு வடக்க வாய்க்கால் ஓரமா கரும்பாலை ஓட்டற முதலாளி அண்ணா அவங்களுக்கு

பொருள்: அடுப்பு எரிக்க ஆள் வேணும்னு டீக்கடைல எழுதிப் போட்டிருந்தது சம்பந்தமா

வணக்கமுங்கண்ணா. காயிதத்தோட ஓரம் கருகியிருக்கறதுக்கு மொதல்ல மன்னிச்சுக்கோங்க, எழுதிட்டு இருக்கறப்ப தும்மல் வந்துருச்சு, இது நாலாவது காயிதம், இதுலயும் தும்முனா எழுதறதுக்கு வேற இல்லைங்க.

அந்த அடுப்பு வேலைய எனக்குக் குடுக்கோணும்னு கேக்கறதுக்குத்தான் எழுதறனுங்க. மாச சம்பளமெல்லாம் வேண்டாம், கொப்பரைக் கணக்குல மத்தவங்களுக்கு என்ன குடுக்கறீங்களோ அதே குடுங்க போதும். இப்ப அடுப்புக்குச் சக்கை தள்ளற பெரியவரு வேலைய நான் புடுங்க வரலைங்க. அவருக்குப் புகைல கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி ஊத்தறத நானே தென்னைமரத்து மேல இருந்து பாத்திருக்கறன். அவரு கட்டல்ல உக்காந்துட்டு "இப்ப ஏத்து, இப்ப எறக்கு"ன்னு சொன்னா போதும், ஊதறது நான். அவரு கூலில ஒரு ரூவா கொறைஞ்சாலும் எனக்கு இந்த வேலை வேண்டாங்க.

அனுபவம்னு கேட்டா, நெருப்பு எங்களுக்குக் குலத்தொழிலுங்க. நொய்யக்கரைல கொடுமணல்னு ஊரு இருக்குதல்லங்க, சென்னிமலைக்கு அக்கட்டால, அங்க தோண்டி எடுத்த உலையெல்லாம் 2000 வருசத்துக்கு முந்துனது, இரும்ப உருக்கி எஃகு பண்ணுன எடம். எங்க அமுச்சி அங்க உலை ஊதுனவ. 1200 டிகிரிக்கு மேல சூட்ட ஒரே சீரா புடிச்சு நிறுத்தறதுதான் வித்தை, சும்மா பெருசா ஊதறவன் கொல்லனுக்கும் ஆக மாட்டான் குசவனுக்கும் ஆக மாட்டான்னு அவ சொல்லிச் சொல்லி என்னைய வளத்துனா. பாகுக்கு அவ்வளவெல்லாம் எதுக்குங்க, 118, 120 டிகிரி பக்கம் வந்தாவே பதம் நின்னுரும், ஆனா அந்தக் கடைசி அஞ்சு டிகிரிலதான் எல்லாமே இருக்குது. ஒரு நிமிசம் அசந்தா சக்கரை கருத்துப் போயி கசந்துரும். சக்கைய அள்ளிப் போட்டா போட்டதுதான், டக்குன்னு எறக்க முடியாது. நான் மூச்ச நிறுத்துனா அடுப்பு அப்பவே எறங்கிரும்.

முந்தி ஒரு எடத்துல வேலை பாத்தனுங்க, அதையும் மறைக்காம சொல்லிப்போடறன். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை, பேரு வேண்டாம். பாய்லருக்கு வெறகு வாங்கற காச மிச்சம் புடிக்கறதுக்காக என்னைய வெச்சிருந்தாங்க. ராத்திரி மழை வந்தாப் போதும், கழிவுத் தண்ணிய அப்படியே ஆத்துல தொறந்து உட்டுருவாங்க. நான் ஒரத்துப்பாளையம் அணைக்கு மேல பறந்து பாத்தவனுங்க, 1992ல பாசனத்துக்குன்னு கட்டுன அணை, பொறகு சாயத்தண்ணி தேங்கி எந்த வயலுக்கும் ஆகாமப் போச்சு. எங்க அமுச்சி கால் நனைச்ச ஆறுங்க அது. ரெண்டு மாசக் கூலியும் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்துட்டன். உங்க ஆலைல வெள்ளைச் சக்கரை கலக்கறதில்லை, கலருக்கு ஹைட்ரோஸ் போடறதில்லைன்னு ரெண்டு சீசன் மேல இருந்து பாத்துட்டுத்தான் இந்த விண்ணப்பமே எழுதறன்.

அப்பறம் புதையல் விசயம். டிராகன்னா தங்கத்து மேல படுத்துக் கெடக்கும், அதுக்கு எதுக்கு கூலி வேலைன்னு ஊருல பேசுவாங்க. இருந்துச்சுங்க, இல்லைங்கல. ரோமாபுரிக் காசு, படியூர்ப் பச்சைக்கல்லு, யாரோ எவரோ பொதைச்சு வெச்சுட்டுப் போனது. 1878லயே சட்டம் போட்டிருக்கறாங்க, மண்ணுக்குள்ள 10 ரூவாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கெடைச்சா கலெக்டருக்குச் சொல்லோணும்னு. போன தை மாசம் மூட்டை கட்டிக் கொண்டுபோயி முச்சூடும் ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டன். அன்னைக்கு ராத்திரி வெறும் பாறைல படுத்தனுங்க, முதுகு வலிச்சுது, ஆனா நல்லாத் தூக்கம் வந்துச்சு.

எங்கிட்ட இன்னொரு கடன் இருக்குது. வயசுல, பசில, தாளவாடிப் பக்கம் பட்டில பூந்து 17 ஆடு தூக்கிட்டன். எந்தப் பட்டி, என்ன நெறம், சென ஆடா கெடாயா, எல்லாம் பாறைல கீறி வெச்சிருக்கறன். அதுல நாலு ஆடு ஒரு விதவைப் பொம்பளையோடது. அவங்க பட்டிக்கு நாலு மாசம் ராக்காவல் இருந்து சிறுத்தை கிட்ட அண்டாம பாத்துக் கழிச்சுட்டன், கணக்கு தீந்துபோச்சுன்னு அந்தம்மாவே வாயாரச் சொல்லிட்டாங்க. பாக்கி 13. அதுக்குக் காசாத்தான் குடுக்கோணும், அதுவும் ஒழைச்ச காசா இருக்கோணும்.

என்னைய உங்களுக்கு முன்னமே தெரியுமுங்க. கார்த்திகைல ஒரு நா ராத்திரி மழை கொட்டுச்சு, ஞாபகம் இருக்குதுங்களா? சக்கை நனைஞ்சு ஒரே புகை, கொப்பரைல பாகு பாதில நின்னுபோச்சு, பதம் வராம நேரம் போகப் போக நெறம் மாறுது, நீங்க தலைல கைய வெச்சுட்டு உக்காந்துட்டீங்க. அடுப்பு வாய்க்குப் பின்னால இருந்து மெதுவா ஊதுனது நாந்தான். எல்லாருமே ஓடிட்டாங்க. உங்க அம்மா மட்டும் ஓடல. முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, பொங்கி வந்த நுரைல ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய உட்டு அடக்கிட்டு, அகப்பைல பாகு மொண்டு சொம்புத் தண்ணில உட்டுப் பாத்தாங்க. உருண்டையா தெரண்டு வந்துச்சு. "போதும் சாமி, எறக்கு"ன்னாங்க, நிறுத்திட்டன். அப்பறம் அந்த உருண்டைய இருட்டுப் பக்கம் நீட்டி, "இந்தா, சாப்புடு கண்ணு"ன்னாங்க. இத்தன வருசத்துல நான் எடுக்காம எனக்கா ஒருத்தர் குடுத்த பொருள் அது ஒண்ணுதானுங்க. நாக்குல வெச்சப்பறம் முழுங்க மனசே வரல.

சங்கடங்களையும் சொல்லிடறன். வாலு 22 அடி, இட்டேரில வந்தா வேலி சாயும், அதனால வாய்க்கால் மேட்டு வழியாத்தான் வருவன். கரண்ட் கம்பி இருக்கற பக்கம் பறக்க மாட்டன். மொளகா வத்தல் காயப்போட்டிருந்தா தும்மல் வரும், அத மட்டும் கொஞ்சம் தள்ளிக் காயப்போடச் சொல்லுங்க. சக்கைப் போருக்கும் எனக்கும் நடுவுல தண்ணித் தொட்டி ஒண்ணு எப்பவும் ரொம்பி இருக்கோணும், அது உங்க நிம்மதிக்கும் எனக்கும் நல்லது. சோறு நானே பாத்துக்கறன், வாரத்துல ஒரு நா சந்தைல காசு குடுத்துக் கறி வாங்கிக்குவன். உங்க நாய் கொலைக்கட்டும், அதோட வேலை அது.

வர்ற வெள்ளிக்கெழமை நேரமே நாலு மணிக்கு மேட்டுல வந்து நிக்கறனுங்க. ஒரு கொப்பரை காச்சிக் காட்டறன், அதுக்குக் கூலி வேண்டாம். பதம் உங்க அம்மா பாக்கட்டும். அவங்க சரின்னா வெச்சுக்கோங்க, இல்லைன்னா வெளிச்சம் வர்றதுக்குள்ள மலையேறிக்கறன்.

இப்படிக்கு,
திம்பத்து டிராகன்

இணைப்பு: புதையல் ஒப்படைச்ச ரசீது நகல் ஒண்ணு, ஆட்டுக் கணக்கு (பாறைல கரித்துணி வெச்சுத் தேச்சு எடுத்தது) ஒண்ணு.