பி-204, பி-304 வீட்டாருடன் சமரசப் பேச்சு: பிப்ரவரி 22, ஞாயிறு

மடிப்பாக்கம், சென்னை
12.02.2026

பி-204, பி-304 வீட்டாருக்கு வணக்கம்.

இரண்டு வீட்டுக்கும் இதே கடிதம்தான் வருகிறது. ஒருவருக்குத் தனியாக எதுவும் எழுதவில்லை.

பி-204 படுக்கையறைக் கூரையில் ஈரம் காண்பது பற்றி அந்த வீட்டிலிருந்து ஜனவரி 28 அன்று ஒரு கடிதம் வந்தது. அதே விஷயமாக பி-304-லிருந்து பிப்ரவரி 3 அன்று ஒரு கடிதம் வந்தது. இரண்டையும் சங்க நிர்வாகக் குழு படித்தது. கூரையில் ஈரம் இருப்பதைக் குழு நேரில் பார்த்திருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. மேலே உள்ள பி-304 பாத்ரூமின் நஹானி ட்ராப் இணைப்பாக இருக்கலாம், டைல்ஸ் இடுக்காக இருக்கலாம், சுவருக்குள் ஓடும் குழாயாக இருக்கலாம், வெளிச்சுவர் விரிசலில் இறங்கிய மழைநீராகவும் இருக்கலாம். கடைசி இரண்டும் பொதுப் பராமரிப்பில் வரக்கூடியவை என்பதால் சங்கத்துக்கும் இதில் பொறுப்பு இருக்கலாம். ஆகவே இந்தக் கடிதத்தில் எந்த வரியையும் யார் மீதும் வைத்த குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரு வீட்டாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச, பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்குத் தரைத்தளச் சங்க அறையில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். 12 மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். அந்த நாள் ஒத்துவராவிட்டால் பிப்ரவரி 24, செவ்வாய் மாலை 7 மணி. பி-204-ல் பிள்ளைக்கு மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு, பி-304 உரிமையாளர் கோவையில் இருக்கிறார். இரண்டையும் மனதில் வைத்துத்தான் இந்த நாட்களைப் பார்த்தோம். உரிமையாளரால் வர முடியாவிட்டால் வீடியோ காலில் சேர்ந்துகொள்ளட்டும். குடியிருப்பவரும் அவசியம் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம், தினமும் அந்த பாத்ரூமைப் பயன்படுத்துபவர் அவர்தான். வீட்டுக்கு இரண்டு பேர் போதும். வீடியோ காலில் வருபவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

நான் பி பிளாக்கில் குடியிருப்பதால் கூட்டத்தை நடத்துவது சரியாக இருக்காது. சி பிளாக்கில் இருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். இரு வீட்டாரிடமும் அவருக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. அவர் வேண்டாம் என்று யாருக்காவது தோன்றினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் போதும், வேறு ஒருவரைக் கேட்கிறோம்.

யார் முதலில் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் 15 நிமிடம்; ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டாம். அப்புறம் பேசவேண்டியது முக்கியமாக ஒன்று: ஈரத்தின் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது. வழக்கமாகச் செய்வது, பாத்ரூம் வடிகாலை அடைத்து, தரையில் 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் கூடுகிறதா என்று பார்ப்பது. அந்த ஒரு நாள் மேல்வீட்டுக்கு அந்த பாத்ரூம் கிடைக்காது, கீழ்வீட்டில் வந்து பார்க்க ஆளை விடவேண்டும். இரண்டு பேருக்கும் சிரமம் உண்டு. எனவே எந்த நாள், எந்த பிளம்பர், யார் யார் பார்ப்பது என்பதை நீங்களே பேசி முடிவெடுப்பதுதான் நல்லது. சோதனைச் செலவைச் சங்கம் ஏற்கும். பழுதுபார்ப்புச் செலவு யாருடையது என்ற பேச்சைச் சோதனை முடியும்வரை எடுக்க வேண்டாம்.

போட்டோ, பில், பிளம்பர் சொன்னது என்று எது இருந்தாலும் பிப்ரவரி 20-க்குள் என்னிடம் கொடுங்கள். ஒருவர் தருவதன் நகல் அடுத்தவருக்கும் போகும், அன்றைக்குப் புதிதாக ஒன்றை எடுத்து நீட்டும்படி ஆகக்கூடாது.

இது சங்கம் ஏற்பாடு செய்யும் பேச்சு மட்டுமே. 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டத்தின் கீழ் நடப்பது அல்ல, தீர்ப்புச் சொல்லவும் யாரும் உட்காரவில்லை. வருவதும் பாதியில் எழுந்து போவதும் உங்கள் விருப்பம். வந்ததாலோ வராததாலோ வேறு வழியில் போகும் உரிமை யாருக்கும் குறையாது. இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவோம். மற்றப் பேச்சு அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும், ரெக்கார்டிங் வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். கடந்த சில நாட்களாகக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி இரு பக்கமும் பதிவுகள் வந்தன, சம்பந்தமில்லாதவர்களும் கருத்துச் சொன்னார்கள். கூட்டம் முடியும்வரை அங்கே எதுவும் எழுதாமல் இருந்தால் பேசுவது சுலபமாக இருக்கும். குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் இதையே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறா செவ்வாயா, உங்கள் வீட்டிலிருந்து யார் யார் வருகிறீர்கள், கூட்டத்தை நடத்துபவர் சம்மதமா என்ற மூன்றையும் பிப்ரவரி 17, செவ்வாய் இரவுக்குள் இண்டர்காமிலோ ஒரு சீட்டிலோ தெரிவியுங்கள். இரண்டு வீட்டுப் பதிலும் வந்த பிறகே கூட்ட நாளை உறுதி செய்து, இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்வேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்