போனில் பேசிக் கணக்கு விவரம் தெரிந்துகொள்ள: குரல் உதவி பற்றி நீங்கள் கேட்ட கேள்விகள்

ஆடிப்பெருக்கு முடிந்து வரும் திங்கட்கிழமையிலிருந்து நம் கூட்டுறவு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் குரல் உதவி நடைமுறைக்கு வருகிறது. பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை கிளைகளில் இரண்டு மாதமாகச் சோதித்துப் பார்த்தோம். அப்போது கவுண்டரில் நின்று நீங்கள் கேட்ட கேள்விகளைத்தான் கீழே பதிலோடு எழுதியிருக்கிறோம்.

குரல் உதவி என்றால் என்ன?

வங்கியின் எண்ணுக்கு போன் செய்து, வேண்டியதைத் தமிழில் சொன்னால், கணினி அதைப் புரிந்துகொண்டு உங்கள் கணக்கைப் பார்த்துப் பதில் சொல்லும். எதிர்முனையில் பேசுவது ஆள் இல்லை, கணினிக் குரல். அழைப்பு தொடங்கும்போதே அது இதைச் சொல்லிவிடும்.

ஸ்மார்ட் போன் வேண்டுமா? இன்டர்நெட் வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். பட்டன் போனே போதும். ஆப் எதுவும் இறக்க வேண்டியதில்லை. சாதாரண அழைப்புதான், அதற்கு உங்கள் போன் திட்டத்தில் என்ன கட்டணமோ அதுதான் ஆகும். வங்கி தனியாக எதுவும் பிடிக்காது.

எதற்காக இதைக் கொண்டு வந்தீர்கள்? பாஸ்புக் இருக்கிறதே?

பாஸ்புக் இருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால் மாதம் பிறந்தால் கிளைக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: பணம் ஏறிவிட்டதா? மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய், முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலைக் கூலி, பி.எம். கிசான் 2000 ரூபாய் என்று இந்த ஒரு பதிலுக்காக மலைக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். பணம் ஏறாவிட்டால் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அன்றைய கூலியும் போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பாஸ்புக்கை யாரிடமாவது நீட்டித்தான் இருப்பைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தன் பணம் எவ்வளவு என்பதை அடுத்தவர் வாய் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்ற நிலை மாற வேண்டும் என்று நாங்கள் மனதார விரும்புகிறோம்.

எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? இந்தப் பக்கத்தில் காணோமே?

வேண்டுமென்றேதான் போடவில்லை. இதுபோன்ற பக்கங்களைப் படம் எடுத்து, எண்ணை மட்டும் மாற்றி வாட்ஸ்அப்பில் பரப்புவது மோசடிக்காரர்களுக்குச் சுலபம். எனவே எண்ணை ஒரு சிறிய மஞ்சள் சீட்டில் அச்சிட்டு, கிளையில் உங்கள் பாஸ்புக்கின் உள் அட்டையில் ஒட்டித் தருகிறோம். அந்த எண்ணை மட்டும் நம்புங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண், தெரிந்தவர் அனுப்பிய எண் எதையும் வங்கி எண் என்று எண்ணி அழைக்காதீர்கள்.

முதல் முறை என்ன செய்ய வேண்டும்?

ஒரே ஒரு முறை கிளைக்கு வர வேண்டும். பாஸ்புக், ஆதார், கணக்கோடு இணைத்த போன் மூன்றையும் கொண்டு வாருங்கள். நான்கு இலக்கத்தில் ஒரு ரகசிய எண்ணை நீங்களே கிளையில் உள்ள கருவியில் அழுத்திப் பதிந்துகொள்ளலாம். இதைக் குரல் எண் என்று சொல்கிறோம். அதை ஊழியரிடம்கூடச் சொல்ல வேண்டாம். ஏ.டி.எம். பின் எண்ணையே இதற்கும் வைக்காதீர்கள். பிறந்த வருடம், வண்டி நம்பர் போன்றவையும் வேண்டாம்.

அப்புறம், பதிந்த போனிலிருந்து அழைத்து, கேட்கும்போது குரல் எண்ணை போன் பட்டனில் அழுத்தினால் போதும். வாயால் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் காதில் விழும். மூன்று முறை தப்பாக அழுத்தினால் அன்றைக்கு அழைப்பு பூட்டிக்கொள்ளும். மறுநாள் மறுபடி முயலலாம்.

என் குரலையே வைத்து அடையாளம் கண்டுகொள்ளாதா?

முடியும், ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒருவர் பேசியதைச் சில நொடிகள் பதிவு செய்தாலே அதேபோலப் பேசவைக்கும் மென்பொருள்கள் இன்றைக்கு வந்துவிட்டன. சளி பிடித்தால் சொந்தக் குரலே மாறிவிடுகிறது. குரலைச் சாவியாக வைத்துவிட்டு அப்புறம் உங்கள் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்வது சரியாக இருக்காது.

என்னென்ன கேட்கலாம்?

சேமிப்புக் கணக்கில் இருப்பு, கடைசி ஐந்து வரவு செலவு, குறிப்பிட்ட தொகை ஏறியதா, டெபாசிட் எப்போது முதிர்கிறது, வங்கியில் வைத்த நகைக்கடனுக்கு அசலும் வட்டியும் இன்றைய தேதிக்கு எவ்வளவு, கெடு தேதி எது, கிளை இன்று திறந்திருக்கிறதா என்பவை. ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் உடனே நிறுத்தவும் இதிலேயே சொல்லலாம். இந்த வசதி இரவு பகல் எந்நேரமும் உண்டு.

பணம் அனுப்ப முடியுமா?

இப்போது முடியாது. பணம் எடுப்பது, அனுப்புவது, கடன் கேட்பது, நாமினி மாற்றுவது எதுவும் இதில் கிடையாது. தொலைந்த கார்டை நிறுத்துவது தவிர, கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும்தான். தவறிப்போய் உங்கள் குரல் எண் வேறொருவருக்குத் தெரிந்துவிட்டாலும் அதை வைத்து ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்க முடியாதபடி அமைத்திருக்கிறோம்.

சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் விவரம் சொல்லுமா?

சொல்லாது. இதில்தான் சோதனையின்போது நிறையப் பேர் குழம்பினார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய கடனின் கணக்கு சங்கத்தின் புத்தகத்தில் இருக்கிறது. அது எங்கள் கணினியில் தெரியாது. கடன் தொகை எங்கள் வங்கியில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்திருந்தால், அந்த வரவு மட்டும் தெரியும். கடன் எவ்வளவு பாக்கி, கெடு என்றைக்கு என்பதைச் சங்கச் செயலாளரிடம்தான் கேட்க வேண்டும்.

குரல் உதவி பாக்கி எதுவும் சொல்லவில்லை என்பதால் கடன் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கெடுவுக்குள் கட்டினால்தான் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை கைவிட்டுப் போகலாம். மாங்காய் விற்ற பணமோ தக்காளி விற்ற பணமோ கைக்கு வரும் நாளையும் கெடு நாளையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

நாங்கள் பேசும் தமிழ் அதற்குப் புரியுமா?

பெரும்பாலும் புரிகிறது. "கணக்குல எவ்ளோ இருக்கு", "பேலன்ஸ் சொல்லு", "நகையைத் திருப்ப எவ்ளோ ஆகும்" என்று வீட்டில் பேசுவது போலவே பேசலாம். புத்தகத் தமிழ் தேவையில்லை. சந்தை இரைச்சலிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று பேசினால் தடுமாறுகிறது. இரண்டு முறை கேட்டும் புரியாவிட்டால் அதுவே ஊழியருக்கு மாற்றிவிடும். நீங்களாக மாற வேண்டுமானால் 9 அழுத்துங்கள். ஊழியர்கள் வேலை நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை இருப்பார்கள்.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்த மொழிகளில் இன்னும் தயாராகவில்லை. அவசரப்பட்டு அரைகுறையாகக் கொடுத்துத் தொகையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால் காத்திருக்கிறோம். அதுவரை 9 அழுத்தினால் அந்த மொழி தெரிந்த ஊழியர் பேசுவார்.

வீட்டில் ஒரே போன்தான். மகன் நம்பர்தான் கணக்கில் இருக்கிறது. என்ன செய்வது?

அந்த போன் யார் கையில் இருக்கிறதோ அவர் அழைக்கலாம், ஆனால் குரல் எண் தெரியாமல் எதுவும் கேட்க முடியாது. அதனால் கணக்கு உங்களுடையது என்றால் குரல் எண்ணும் உங்கள் மனதில் மட்டும் இருக்கட்டும். உங்கள் பெயரில் தனி எண் வாங்கியிருந்தால் கிளைக்கு வந்து ஒரு படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாரிடமும் அனுமதி வாங்கி வரச் சொல்லமாட்டோம், காரணமும் கேட்கமாட்டோம். உரிமைத்தொகை வாங்கும் பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பு வந்தால்?

குரல் உதவி தானாக யாரையும் அழைக்காது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கணினிக் குரலோ ஆளின் குரலோ, வங்கியின் பெயர் சொல்லி உங்களை அழைத்து ஓ.டி.பி., குரல் எண், கார்டு எண், பின் எண் எதைக் கேட்டாலும் அது மோசடி. உங்கள் பெயர், ஊர், கணக்கின் கடைசி நான்கு எண்கள் எல்லாம் சரியாகச் சொன்னாலும் மோசடிதான். திரையில் வங்கி எண்ணே தெரிந்தாலும் நம்பாதீர்கள், அதையும் போலியாகக் காட்ட முடிகிறது. போனை வைத்துவிட்டு, மஞ்சள் சீட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களாக அழையுங்கள்.

ஏமாந்து பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள், பணம் போன கணக்கை முடக்க அவர்களால் முயல முடியும். cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். கூடவே எங்களுக்கும் சொல்லுங்கள். நம் வங்கி மேலோ உங்கள் மேலோ தவறில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு கிடையாது என்று கூட்டுறவு வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் நிலைமை வேறு. எங்களிடம் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் இழப்பு, தெரிவித்த பின்னால் போனால் அது வங்கியின் பொறுப்பு. எந்த நிலையிலும் சீக்கிரம் சொல்வதுதான் உங்களுக்கு லாபம்.

நான் பேசியதைப் பதிவு செய்கிறீர்களா?

ஆம். தகராறு வந்தால் பார்ப்பதற்காக 90 நாட்கள் வைத்திருந்து அழித்துவிடுவோம். அழுத்தும் குரல் எண் பதிவில் வராது. உங்கள் பேச்சை வைத்துக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்று படிவத்தில் தனியாகக் கேட்டிருக்கிறோம். வேண்டாம் என்று டிக் செய்தாலும் வசதி எதுவும் குறையாது.

தப்பான தொகை சொன்னால்?

வங்கிக் கணக்கேட்டில் இருப்பதே செல்லும். பால் சொசைட்டிப் பணம் போல மொத்தமாக வரும் தொகைகள் ஏறச் சில மணி நேரம் ஆகலாம், அதனால் மாலையில் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். அப்போதும் சரியில்லை என்றால் கிளையில் எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தளம் cms.rbi.org.in, விவரம் கேட்க 14448.

டெபாசிட் பாதுகாப்பில் ஏதாவது மாற்றம் உண்டா?

இல்லை. ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு எப்போதும்போல உண்டு.

இது வந்துவிட்டதால் கிளையில் ஆளைக் குறைப்பீர்களா?

மாட்டோம். கவுண்டரும் பாஸ்புக் பதிவும் அப்படியே தொடரும். போனில் கேட்கப் பிடிக்காதவர்கள் முன்போலவே வரலாம். குரல் எண் பதிய வருபவர்களுக்காக முதல் மாதம் முழுவதும் ஒவ்வொரு கிளையிலும் தனி மேசை இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கும் மதியம் 2 மணிக்கு மேல் வந்தால் ஒருமுறை அழைத்துப் பழகிப் பார்த்துவிட்டே போகலாம்.